சாம்பல் நிறத்தில் கரையும் புள்ளிகள்

மாத இதழ் ஒன்றின் ஆசிரியருக்கு ஒரு வாசகி எழுதிய கடிதத்தை அண்மையில் படிக்க நேர்ந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 67. கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"சில மாதங்களாகப் படக்குறிப்புகளையும் பெட்டிச் செய்திகளையும் பொடி எழுத்தில், அதுவும் சாம்பல் நிறத்தில் அச்சிடுகிறீர்கள். என்னால் வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைப் போன மாதம்தான் மாற்றினேன். பார்வையில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்கிறார். கட்டுரைகளை நன்றாகவே வாசிக்கிறேன். படத்துக்குக் கீழே இருக்கும் பெயரில் மட்டும், எந்த எழுத்துக்குப் புள்ளி உண்டு, எதற்கு இல்லை என்றே தெரிவதில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் ஒருவாறு பிடிபடுகிறது. இரவில் விளக்கடியில் அறவே முடியவில்லை. பேத்தியிடம் கொடுத்தால் வாசித்துவிடுகிறாள். ஆனால் அவளும் இதழை மூக்குக்கு அருகே கொண்டுபோய்த்தான் வாசிக்கிறாள்."

இதைப் படித்ததும் "வயதாகிவிட்டது, பாவம்" என்று ஒதுக்கிவைப்பது எளிது. ஆனால் ஒரு நல்ல ஆய்வுக்கூடக் குறிப்பில் இருக்க வேண்டியதெல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. பெரிய கறுப்பு எழுத்து தெரிகிறது, சிறிய சாம்பல் எழுத்து தெரியவில்லை. காலை வெளிச்சத்தில் தெரிகிறது, இரவு விளக்கில் தெரியவில்லை. முதலில் மறைவது புள்ளி. இளம் கண்ணும் இதழை அருகே இழுத்துக்கொள்கிறது. இந்த நான்கு விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அது வாசகியின் கண்ணாடியில் இல்லை.

மருத்துவர் எதைச் சோதித்தார் என்பதிலிருந்து தொடங்குவோம். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை 1862இல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். வரிசை கீழே இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் எழுத்து அட்டைக் கறுப்புதான், பின்னணி தூய வெள்ளைதான். "எவ்வளவு சிறியதைக் காண முடிகிறது" என்ற ஒரே கேள்வியைத்தான் அந்தப் பலகை கேட்கிறது. "எவ்வளவு மங்கலானதைக் காண முடிகிறது" என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு பலகை இருக்கிறது. டெனிஸ் பெல்லியும் ஜான் ராப்சனும் 1988இல் வெளியிட்ட பலகையில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவு. மும்மூன்று எழுத்துகளாக நிறம் மட்டும் வெளிறிக்கொண்டே போய், கடைசியில் வெள்ளையோடு கலந்துவிடும். முதல் பலகையில் முழு மதிப்பெண் வாங்கும் ஒருவர் இரண்டாவதில் தடுமாறக்கூடும். கண்ணாடிக் கடையில் பெரும்பாலும் முதல் பலகைதான் இருக்கும். ஆகவே மருத்துவர் சொன்னதும் உண்மை, வாசகி சொல்வதும் உண்மை.

எழுத்துக்கும் தாளுக்கும் இடையே உள்ள இந்த ஒளி வேறுபாட்டைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம். அளவும் கான்ட்ராஸ்ட்டும் தனித்தனி விஷயங்கள் போலத் தோன்றினாலும், கண்ணுக்குள் அவை ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஃபெர்கஸ் கேம்பெல்லும் மேலே சொன்ன ராப்சனும் கோடு கோடான வடிவங்களைக் காட்டி இதை அளந்து, 1968இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டதை வாசிக்கும் தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு மாற்றிச் சொல்கிறேன். கோடுகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால், பக்கத்துக் கோட்டுக்கும் அதற்கும் நூற்றில் ஒரு பங்கு கூட வேறுபாடு இல்லாதபோதும் ஆரோக்கியமான கண் அதைப் பிடித்துவிடும். கோடு மெலிய மெலியக் கண்ணுக்குத் தேவைப்படும் வேறுபாடு வேகமாக ஏறுகிறது. 0.1 மில்லிமீட்டரை நெருங்கும்போது மங்கலான கோடுகள் எல்லாம் மறைந்து, அழுத்தமானவை மட்டும் மிஞ்சும். இன்னும் பாதியாக மெலிந்தால் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும்கூட ஒன்றாகக் கலந்து வெறும் சாம்பலாகத் தெரியும்.

இதிலிருந்து வரும் முடிவு, லே-அவுட் செய்பவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய ஒன்று. எழுத்தைச் சிறிதாக்கும்போது அதற்குத் தேவைப்படும் கறுப்பு கூடுகிறது. ஆனால் வழக்கத்தில் நடப்பது நேர் எதிர். தலைப்பு பெரியது, அதற்கு நல்ல கறுப்பு. படக்குறிப்பு சிறியது, அதற்குச் சாம்பல். கண்ணுக்கு எங்கே கறுப்பு அதிகம் வேண்டுமோ அங்கே குறைக்கிறோம்.

சாம்பல் எழுத்தே கூடாது என்பது என் வாதமல்ல. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் லெக் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், நம் வாசிப்புத் தூரத்தில் 7 மில்லிமீட்டர் என்று சொல்லத்தக்க பெரிய எழுத்துகளின் கான்ட்ராஸ்ட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தபோதும் வாசிப்பு வேகம் பாதிக்குக்கூடக் குறையவில்லை. ஆக, பெரிய தலைப்பைச் சாம்பலில் போட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் இந்தத் தாங்கும் சக்திக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அவர்கள் கணக்கை நம் தூரத்துக்கு மாற்றினால் அது ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர். அதற்குக் கீழே எழுத்து சிறுக்கச் சிறுக்க, கான்ட்ராஸ்ட்டில் ஏற்படும் ஒவ்வொரு இழப்பையும் வாசிப்பவர் உணரத் தொடங்குகிறார்.

கடிதம் குறிப்பிடும் படக்குறிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது? எழுத்து 7 பாயின்ட். அந்த எழுத்துருவில் 'ப' என்ற எழுத்தின் உயரத்தை அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் வருகிறது. செங்குத்துக் கோட்டின் தடிமனும் மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளியின் குறுக்களவும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். ஸ்நெல்லன் பலகையில் 6/6 வாங்கும் கண்ணுக்கு, 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய கோட்டின் தடிமன் 0.12 மில்லிமீட்டர் அளவு. 6/9 பார்வைக்கு அது 0.17. அறுபதைத் தாண்டிய பலருக்கு 6/9 என்பது நல்ல பார்வைதான். அப்படியானால் நல்ல கறுப்பில் அச்சிட்டாலே அந்தப் புள்ளி பார்வையின் விளிம்பில்தான் நிற்கிறது. அதைச் சாம்பலும் ஆக்கியிருக்கிறார்கள்.

பேத்தி இதழை அருகே இழுத்ததன் காரணம் இங்கே தெளிவாகிறது. 40 சென்டிமீட்டரிலிருந்து 20க்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் எழுத்து இரண்டு மடங்காகிவிடும். சிறுமியின் விழிவில்லை நெகிழ்வானது, அவ்வளவு அருகிலும் குவியம் அமைத்துக்கொள்ளும். பாட்டிக்கு வெள்ளெழுத்து. அவருடைய வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய ஒரே தூரத்துக்காகச் செய்தது. அருகே கொண்டுபோனால் எழுத்து பெரிதாகும், ஆனால் கலங்கிவிடும். பேத்தி வாசித்துவிட்டாள் என்பதால் எழுத்து சரியாக இருக்கிறது என்று ஆகாது. சிறுமியும் பொடி எழுத்தோடு போராடியிருக்கிறாள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது, பாட்டியிடம் இல்லை.

இனி சாம்பல் என்பது தாளில் என்னவாக இருக்கிறது என்று பார்ப்போம். அச்சுத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் அறியாத இடம் இதுதான். திரையில் சாம்பல் உண்மையாகவே சாம்பல், அந்த இடத்தில் ஒளி குறைவாக வருகிறது, அவ்வளவுதான். ஆஃப்செட் அச்சில் சாம்பல் மை கிடையாது. இருப்பது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள். மை பட்ட இடம் கறுப்பு, படாத இடம் தாளின் வெள்ளை. நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே சாம்பலைக் காட்ட, கறுப்பை நுண்ணிய புள்ளிகளாக உடைத்து அச்சிடுகிறார்கள். இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர். இதழ்த் தாளில் வழக்கமாக அங்குலத்துக்கு 150 வரிசை. அதாவது ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.17 மில்லிமீட்டர். ஒரு புகைப்படத்தில் இது பிரச்சினையே இல்லை. வானமும் கன்னமும் அந்தப் புள்ளிகளைவிடப் பன்மடங்கு பெரியவை, கண் அவற்றைக் கலந்து மென்மையாகப் பார்த்துக்கொள்கிறது.

எழுத்தில் கதை மாறுகிறது. கோட்டின் தடிமனே 0.2 மில்லிமீட்டர்தான். 60 சதவீதச் சாம்பல் என்றால் ஒவ்வொரு 0.17 மில்லிமீட்டர் கட்டத்திலும் 0.1 மில்லிமீட்டர் அளவில் ஒரு வெள்ளை ஓட்டை விழுகிறது. கோட்டின் பாதித் தடிமனுக்கு ஓட்டை. நேரான விளிம்பு என்று ஒன்று இருக்காது, மை இருக்கும் இடத்தில் விளிம்பு தெரியும், ஓட்டை விழுந்த இடத்தில் கரையும். நல்ல கறுப்பில் அச்சிட்ட எழுத்தின் விளிம்பை பிளேட் செய்யும் இயந்திரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தில் வரைகிறது. அதே எழுத்தைச் சாம்பலாக்கிய உடனே அந்த நுணுக்கத்தின் பெரும் பகுதி பாழாகிறது.

புள்ளியின் நிலை இன்னும் மோசம். 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தின் பரப்பு 0.031 சதுர மில்லிமீட்டர். ஹாஃப்டோன் கட்டம் ஒன்றின் பரப்பு 0.029. மெய்யெழுத்தின் புள்ளி முழுவதும் ஏறக்குறைய ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தின் கறுப்புப் பகுதி புள்ளியின் நடுவில் விழுந்தால் புள்ளி பிழைக்கும். ஓட்டை நடுவில் விழுந்தால் சுற்றிலும் சில மைத் துணுக்குகள் மட்டும் மிஞ்சும். எது எங்கே விழும் என்பது அந்தச் சொல் வரியில் எந்த இடத்தில் அமைகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே வரியில் ஒரு 'ம்' தெளிவாகவும் அடுத்த 'ம்' வெறும் 'ம' போலவும் தெரிகிறது. வாசகி எழுதிய "எந்த எழுத்துக்குப் புள்ளி உண்டு, எதற்கு இல்லை என்றே தெரிவதில்லை" என்ற வரி மிகத் துல்லியமான நேரடிப் பதிவு. சில இடங்களில் புள்ளி உண்மையாகவே தாளில் சரியாக இல்லை.

ஐயம் இருப்பவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நல்ல உருப்பெருக்கி, அல்லது அருகிலுள்ளதைப் பெரிதாக்கிப் படம் எடுக்கும் கைப்பேசி போதும். கட்டுரையின் கறுப்பு எழுத்தைப் பாருங்கள், கோடு முழுமையாக இருக்கும். பிறகு சாம்பல் எழுத்தைப் பாருங்கள், அரித்த துணி போல இருக்கும். சில இதழ்களில் அதற்குள் நீல, சிவப்புப் புள்ளிகளும் தென்படும். சாம்பலைக் கறுப்பு மையால் மட்டும் அமைக்காமல் நான்கு மைகளையும் கலந்து அமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான்கு பிளேட்டுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் அப்படிப்பட்ட எழுத்து உருப்படும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பாதிக் கோட்டுக்கு வண்ண நிழல் விழுந்துவிடும். பொடி எழுத்துக்கு இதைவிடக் கேடான ஏற்பாடு கிடையாது.

சாம்பல் மையையே ஐந்தாவது மையாகச் சேர்த்து அச்சிட்டால் ஓட்டைகள் இருக்காது. ஆனால் அதற்குத் தனி பிளேட், தனிச் செலவு. படக்குறிப்புக்காக யாரும் அதைச் செய்வதில்லை.

விளிம்பை விடுங்கள், மொத்த கான்ட்ராஸ்ட் எவ்வளவு இழக்கிறோம்? நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் கறுப்பு மை 4 சதவீதத்தை அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். 80க்கு 4, அதாவது 20க்கு 1. இப்போது 60 சதவீதச் சாம்பல். அச்சில் மை சற்றுப் பரவும், அச்சகத்தார் இதை டாட் கெயின் என்பார்கள். பரவியபின் 75 சதவீத இடத்தை மை மூடுகிறது என்று கொள்வோம். முக்கால் பங்கிலிருந்து 3 சதவீத ஒளி, கால் பங்கு வெள்ளையிலிருந்து 20 சதவீத ஒளி, மொத்தம் 23. எண்பதுக்கு 23 என்றால் 3.5க்கு 1 மட்டுமே. இருபது இருந்த இடத்தில் மூன்றரை.

திரைகளுக்காக ஒரு பொது அளவுகோல் 2008இல் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல பார்வைக்கு 3க்கு 1 போதும் என்று எடுத்துக்கொண்டு, 6/12 பார்வை உள்ளவருக்காக அதை ஒன்றரை மடங்காக்கி அமைத்த எண் அது. எண்பது வயதை ஒட்டியவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் பார்வை அளவு 6/12. திரைக்கான கணக்கைத் தாளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது, கணக்கிடும் முறையிலும் சிறு வேறுபாடு உண்டு. ஆனாலும் நம் படக்குறிப்பின் 3.5, நல்ல கண்ணுக்கான எல்லைக்கு அருகே நிற்கிறது, முதியவருக்கான எல்லைக்குக் கீழே விழுகிறது என்பதைக் காண அந்த அளவுகோல் போதும்.

வாசகி சொன்னவற்றில் இன்னும் பாக்கி இருப்பது காலைக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கிப்போகிறது, இருட்டிலும் முன்போல விரிவதில்லை. விழிவில்லை மஞ்சளித்துத் தடித்து ஒளியை விழுங்குகிறது. ஒரே விளக்கடியில் உட்கார்ந்தாலும் 20 வயதுக் கண்ணின் விழித்திரையைச் சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணில் சேர்கிறது என்பது பல காலமாக அறியப்பட்ட அளவு. இதோடு விளக்குகளின் வித்தியாசத்தைச் சேர்ப்போம். லே-அவுட் செய்யும் மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம் என்று கொள்வோம், நல்ல அலுவலகங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு அது. வீட்டுக் கூடத்தில் ஒரு டியூப்லைட்டுக்குச் சற்றுத் தள்ளிய நாற்காலியில் 100 லக்ஸ் இருந்தாலே நல்லது. வெளிச்சத்தில் ஐந்து மடங்கு, கண்ணில் மூன்று மடங்கு. அந்தப் பக்கத்தை வடிவமைத்த இளைஞர் கண்ட ஒளியில் பதினைந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு வாசகி வாசிக்க முயல்கிறார். ஒளி குறையும்போது கண் முதலில் இழப்பது நுண்ணியதும் மங்கலானதுமான விவரத்தைத்தான். தடித்த கறுப்பு எழுத்து தப்பித்துக்கொள்கிறது. காலைத் திண்ணையில் வீட்டுக்குள் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வெளிச்சம் இருக்கும், அங்கே இழந்தது கொஞ்சம் மீள்கிறது.

முதிய விழிவில்லை இன்னொரு சேதமும் செய்கிறது. அதற்குள் ஒளி சிதறுகிறது. வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியின் ஒரு சிறு பங்கு எழுத்து விழ வேண்டிய இடத்தின்மேலும் படர்ந்து ஒரு மெல்லிய வெண்திரை போடுகிறது. கண்புரையின் தொடக்கத்தில் இது கூடும். கறுப்பெழுத்துக்கு 20க்கு 1 என்ற கையிருப்பு இருப்பதால் இதில் பாதியை இழந்தாலும் வாசிக்க முடியும். 3.5 மட்டுமே கையில் உள்ள சாம்பலுக்கு இழக்க ஒன்றுமில்லை. பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் விளக்கின் பிம்பம் விழுந்தாலும் இதே விளைவுதான்.

இவ்வளவுக்கும் பிறகு மனிதர்கள் எப்படியோ வாசித்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். வாசிக்கிறார்கள், ஏனென்றால் நாம் எழுத்தைக் கண்ணால் மட்டும் வாசிப்பதில்லை. "மழை பெய்தத" என்று கண்ணுக்குப் பட்டாலும் மனம் "பெய்தது" என்று நிரப்பிக்கொள்ளும். "வந்தாரகள்" என்று தெரிந்தாலும் புள்ளியை நாமே வைத்துக்கொள்வோம். தமிழில் மெய்யெழுத்துக்கும் அகரமேறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. 'ி'க்கும் 'ீ'க்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழியில், 'ன'வுக்கும் 'ண'வுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வளைவில். இவை தொலைந்தாலும் தொடர்ச்சியான உரைநடையில் வாக்கியம் நம்மைக் கைப்பிடித்து அழைத்துப்போகும். வேகம் குறையும், கண் அடிக்கடி பின்னோக்கித் திரும்பும், தலை வலிக்கும், ஆனால் பொருள் கிடைத்துவிடும்.

பெயரில் இந்த உதவி இல்லை. ஊர்ப் பெயரில் இல்லை. ஆண்டில் இல்லை: 1936ஆ 1938ஆ என்று எந்த வாக்கியமும் சொல்லித் தராது. மருந்தின் அளவிலும் சமையல் குறிப்பின் அளவிலும் தொலைபேசி எண்ணிலும் இல்லை. இப்போது ஓர் இதழைப் புரட்டிப் பொடி எழுத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்கள், இடதுபுறமிருந்து. படம் எடுத்த ஆண்டு. சந்தா முகவரி. சேர்மானங்களின் அளவு. ஊகிக்க வழியே இல்லாத விவரங்கள் எல்லாம் மிகச் சிறிய, மிக மங்கலான எழுத்தில் போய்ச் சேர்கின்றன. கட்டுரையின் உடல் எழுத்தைச் சாம்பலாக்கியிருந்தால்கூட இவ்வளவு சேதம் நேர்ந்திருக்காது என்பது என் எண்ணம். ஒரு தமிழாசிரியைக்கு ஒருவரின் பெயரைத் தவறாக வாசிப்பது எவ்வளவு உறுத்தும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வடிவமைப்பவர்கள் ஏன் சாம்பலை நாடுகிறார்கள்? அவர்களிடம் நியாயமான காரணம் உண்டு. கட்டுரையும் படக்குறிப்பும் ஒரே குரலில் பேசினால் பக்கம் இரைச்சலாகிவிடும். எது முதன்மை, எது துணை என்று கண்ணுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் அதைப் பார்ப்பது தானே ஒளிரும் திரையில், பக்கத்தை ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிதாக்கி. அங்கே ஹாஃப்டோன் ஓட்டைகள் கிடையாது. அங்கே அந்தச் சாம்பல் உண்மையாகவே அழகாக, தெளிவாக இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் எடுக்கும் லேசர் பிரதியும் அச்சு இயந்திரத்தின் புள்ளி அமைப்பைக் காட்டாது. குறை, தாள் இயந்திரத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் பிறக்கிறது. அதற்குள் இதழ் வாசகர் கைக்குப் போய்விடுகிறது.

வெள்ளைத் தாளில் அட்டைக் கறுப்பு கண்ணைக் கூசச்செய்கிறது, அதனால் கறுப்பைத் தணிக்கிறோம் என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். சிலருக்குக் கூச்சம் இருப்பது உண்மை. ஆனால் கூசுவது தாளிலிருந்து வரும் ஒளி, மை அல்ல. மையை வெளிறச் செய்தால் பக்கத்திலிருந்து வரும் ஒளி கூடுமே தவிரக் குறையாது. தாளின் நிறத்தைத்தான் தணிக்க வேண்டும். கணக்கிடும் இயந்திரத்தால் பெயர் பெற்ற சார்ல்ஸ் பாபேஜ் இதை வெகு காலத்துக்கு முன்பே யோசித்தார். மடக்கை அட்டவணைகளை நெடுநேரம் பார்ப்பவர்களின் கண் களைக்காமல் இருக்க எது நல்லது என்று அறிய, 150க்கும் மேற்பட்ட வண்ணத் தாள்களில் பல நிற மைகளால் மாதிரிப் பக்கங்களை அச்சிட்டு 1831இல் 21 தொகுதிகளாகக் கட்டிவைத்தார். எண்கள் நிறைந்த பக்கத்தில் ஊகத்துக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

படக்குறிப்பைத் துணையாகக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன. வேறு எழுத்துரு, சற்றே மெல்லிய அல்லது தடித்த எடை, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம், மேலே ஒரு மெல்லிய கோடு. இவை எதிலும் கறுப்பைக் கைவிட வேண்டியதில்லை. சாம்பல்தான் வேண்டும் என்றால் ஹாஃப்டோன் கட்டத்தைவிடப் பல மடங்கு தடித்த கோடுகள் உள்ள பெரிய தலைப்புகளில் வைத்துக்கொள்ளலாம்.

அளவைக் கூட்டுவதில் உண்மையான இடர் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 7 பாயின்ட்டை எட்டரை ஆக்கினால் எழுத்து அகலத்திலும் உயரத்திலும் வளர்வதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் வேண்டும். முப்பது சொற்கள் இருந்த இடத்தில் இருபதுதான் கொள்ளும். ஒன்று குறிப்பைச் சுருக்க வேண்டும், அல்லது படத்தைச் சிறிதாக்க வேண்டும். இரண்டும் ஆசிரியருக்கு வலிக்கும். ஆனால் 60 சதவீதக் கறுப்பை 100 சதவீதம் ஆக்குவதற்கு ஒரு மில்லிமீட்டர் இடமும் வேண்டாம், ஒரு காசும் கூடாது. அதை மட்டும் செய்தாலே ஓட்டைகள் மறையும், விளிம்பு நேராகும், 3.5 என்பது 20 ஆகும். அடுத்த இதழிலேயே செய்யக்கூடியது அது. அளவைப் பிறகு பேசலாம்.

வாசகர்களும் தம் கண்ணையும் அச்சையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெளிகிறது என்றால் கண்ணாடியின் பவரில் கோளாறு. விளக்கை அருகே கொண்டுவந்தால் தெளிகிறது என்றால் கான்ட்ராஸ்ட் பற்றாக்குறை, அதாவது அச்சின் கோளாறு, அல்லது கண்புரையின் தொடக்கம், அல்லது இரண்டும். முன்பு வாசித்த கறுப்பு எழுத்தும் மங்கத் தொடங்கினாலோ, நேர் வரிகள் வளைந்து தெரிந்தாலோ ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அச்சின் கோளாறுதான் என்று உறுதியானால், கடிதத்தில் பக்க எண்ணை எழுதுங்கள். 'ப'வின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். எந்த விளக்கடியில், எந்த நேரத்தில் வாசித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். முடிந்தால் உருப்பெருக்கி வழியே கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை இணையுங்கள். ஓட்டை விழுந்த 'ம்' ஒன்று அதில் இருந்தால் போதும், அச்சகத்தாரிடம் காட்டி "இதைக் கறுப்பு பிளேட்டில் 100 சதவீதம் போடுங்கள்" என்று சொல்வதற்கு ஆசிரியரின் கையில் வேறு எதுவும் தேவைப்படாது.